46-ஆம் பல் எந்தப் பைக்குள் போகும்?

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்த பிறகு எங்கள் பல் மருத்துவமனைச் சுவரிலும் நான்கு நிற அட்டவணை ஒன்று ஏறியது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். பெரிய மருத்துவமனைகளை மனத்தில் வைத்து அச்சிடப்பட்ட அட்டவணை அது. சிறுநீர்ப் பை, ரத்தப் பை, நஞ்சுக்கொடி என்று எங்களிடம் ஒருநாளும் வராத பொருள்களெல்லாம் அதில் உண்டு. அன்றாடம் எங்கள் தட்டில் கிடக்கும் பிடுங்கிய பல், பல்லை அடைக்கும் உலோகக் கலவையான அமால்கத்தின் துணுக்கு, பல்லைக் குடையும் பர் என்ற தேய்ந்த முனை, வேர்க்குழியைச் சுரண்டும் முறிந்த ஃபைல் ஆகியவற்றைத் தேடினால் கிடைக்காது. அட்டவணையை மனப்பாடம் செய்த உதவியாளர்கூட அமால்கம் அடைத்த பல் கையில் வந்ததும் நின்றுவிடுவார். "டாக்டர், இதை எதில் போட வேண்டும்?" என்ற கேள்வி எங்களிடம் அதிகம் எழுந்தது அந்தப் பல்லைப் பற்றித்தான்.

நிறத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பையும் எங்கள் வாசலைத் தாண்டிய பின் என்ன ஆகிறது என்பதை மட்டும் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். மஞ்சள் பை எரிஉலைக்குப் போகிறது. அங்கே முதல் அறையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ், இரண்டாம் அறையில் சுமார் 1050 டிகிரி. சிவப்புப் பை அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வெந்து, பின்னர் அரவை இயந்திரத்தில் துண்டாகி, பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் போகிறது. வெள்ளை டப்பாவில் உள்ள கூர்மையான உலோகமும் வெப்பத்தால் கிருமி நீக்கப்பட்டு, சிதைக்கப்பட்டு, உருக்காலைக்கோ சிமெண்ட் கட்டிக்குள்ளோ போய்ச் சேர்கிறது. நீலப் பெட்டியின் கண்ணாடி கழுவி, கிருமி நீக்கி, மறுசுழற்சிக்குப் போகிறது. இவ்வளவு தெரிந்தால் அட்டவணையில் இல்லாத பொருளுக்கும் விடை கிடைத்துவிடும். இந்தப் பொருள் எரியலாமா? வேகலாமா? யாருடைய கையையாவது குத்துமா?

ஒரு பல்லை எடுத்துக்கொண்டு இதைச் சொன்னால் எளிதாகப் புரியும். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், கீழ்த்தாடை வலப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல். எங்கள் எண்முறையில் 46. பல ஆண்டுகளுக்கு முன் அடைத்த பெரிய அமால்கம் அடைப்பு அதில் இருந்தது. அவர் மொழியில் 'வெள்ளி அடைப்பு'. அடைப்புக்குக் கீழே சொத்தை வேர் வரை இறங்கிவிட்டது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முதலில் மரத்துப்போக ஊசி, பிறகு ஈறைச் சற்றே விலக்கி, பர் வைத்து வேர்களைப் பிரித்து எடுத்தோம். இரண்டு தையல். வழக்கமான வேலைதான்.

வேலை முடிந்ததும் தட்டில் கிடந்தவை இவை: ஊசியுடன் ஒரு சிரிஞ்சு, காலியான மருந்துக் குப்பி, அறுவைக் கத்தியின் பிளேடு, வேரைப் பிரித்த பர், தையல் ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சும் காஸ் துணியும், உறிஞ்சுகுழாய் முனை, கையுறைகள், மூன்று துண்டாக வந்த பல்.

இவற்றில் பாதிக்கு மேல் யோசிக்கவே வேண்டாம். பஞ்சும் காஸும் மஞ்சள். கையுறையும் உறிஞ்சுகுழாய் முனையும் பிளாஸ்டிக், ரப்பர் வகை என்பதால் சிவப்பு. குப்பி நீலம். சிரிஞ்சை மட்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஊசி வெட்டியில் விட்டு அழுத்தினால் ஊசி கீழே டப்பாவில் விழும், சிரிஞ்சின் முனையும் வெட்டுப்படும். ஊசி வெள்ளைக்கு, குழல் சிவப்புக்கு. முனையையும் வெட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முனை முழுதாக இருக்கும் சிரிஞ்சை யாராவது கழுவி மறுபடி விற்றுவிட முடியும்.

சிக்கல் கூர்மையான சின்னப் பொருள்களில்தான் தொடங்குகிறது. பல் மருத்துவத்தில் ஆபத்தான கூர்முனை என்றதும் எல்லோருக்கும் மரத்துப்போகும் ஊசிதான் நினைவுக்கு வரும். அது கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் பயப்படுவார்கள், ஆகவே ஓரளவு பாதுகாப்பாகவே கையாளப்படுகிறது. நான் அதிகம் பயப்படுவது தையல் ஊசிக்கு. அரை வட்டமாக வளைந்திருக்கும், நூலோடு சேர்ந்து காஸ் துணிக்குள் புதைந்துவிடும். தட்டைக் காலி செய்கிறவர் ரத்தம் தோய்ந்த காஸை அப்படியே அள்ளி மஞ்சள் பையில் போடுவார். ஊசியும் கூடவே போய்விடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படித்தான் நடந்தது. கழிவு எடுக்க வந்த இளைஞர் மஞ்சள் பையைத் தூக்கித் தன் தொடையோடு சேர்த்து அணைத்தபடி படி இறங்கினார். பைக்குள்ளிருந்த தையல் ஊசி காற்சட்டையைத் தாண்டிக் குத்தியது. எந்த நோயாளிக்குப் போட்ட தையல் ஊசி என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அன்று முழுதும் வந்தவர்கள் எல்லோருடைய கழிவும் ஒரே பையில் இருந்தது. அந்த ஊசி பட்ட நோயாளி யார் என்று தெரிந்தால் அவருடைய ரத்தத்தைச் சோதித்து முடிவெடுக்கலாம். தெரியாதபோது மோசமானதை எண்ணியே தற்காப்பு மருந்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கும். எச்.ஐ.வி. தற்காப்பு மருந்தை இயன்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. அந்த இளைஞருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிப்பதற்கே அரை நாள் போய்விட்டது. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அந்தத் தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஊழியர் பதிவேட்டில் அதற்கு ஒரு பத்தி இருந்தால் தேட வேண்டியிருக்காது.

இதிலிருந்து எங்கள் கிளினிக்கில் ஒரே ஒரு பழக்கத்தை உண்டாக்கினோம். கூர்மையான பொருளைப் பயன்படுத்தியவர்தான் அதைத் தூக்கிப் போட வேண்டும். தையல் போட்டவர் நான் என்றால், நீடில் ஹோல்டரின் பிடியிலிருந்து ஊசியை விடாமல் அப்படியே கொண்டுபோய் வெள்ளை டப்பாவில் உதிர்ப்பவளும் நான்தான். பிளேடும் அப்படியே. பரைச் சுழற்றும் டர்பைனிலிருந்து அதைக் கழற்றிய பிறகுதான் எழுந்திருப்பேன். கழற்றாமல் விட்ட பர் உதவியாளரின் முழங்கையைக் கிழிப்பது பல் மருத்துவமனைகளில் சகஜம். இதற்குத் தோதாக வெள்ளை டப்பா நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கழிவறைப் பக்கம் நான்கு நிறக் கூடைகளை வரிசையாக அடுக்கி வைத்தால் ஆய்வுக்கு வருகிறவருக்கு அழகாகத் தெரியும். ஆனால் கூர்முனையை ஏந்திக்கொண்டு அறையைக் கடந்து நடக்க வைப்பது அந்த அடுக்குதான்.

டப்பா முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். மூடியபின் திறக்க முடியாத வகையாக இருப்பது முக்கியம். காலி ஊறுகாய் பாட்டிலில் ஊசி சேர்க்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதன் மூடி திரும்பத் திறக்கும், கீழே விழுந்தால் பாட்டிலே உடையும். ஊசிக்கு மறுபடி மூடி போட்டே தீரவேண்டிய நேரம் எங்களுக்கு உண்டு. ஒரே நோயாளிக்கு மரப்பு போதாமல் மீண்டும் ஊசி போட வேண்டியிருக்கும். அப்போது மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்துத் தூக்குவதுதான் முறை. மூடியை இன்னொரு கையில் பிடிப்பதே குத்து வாங்கும் வழி.

குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். விரலைப் பிதுக்குவதும் வாயில் வைப்பதும் கூடாது. பிறகு மருத்துவரிடம் போக வேண்டும், விபத்தைப் படிவம் 1-இல் பதிவு செய்ய வேண்டும்.

இப்போது அந்தப் பல்லுக்கு வருகிறேன்.

46-இன் மூன்று துண்டுகளில் இரண்டு வெறும் வேர்கள். அவை மனித உடலின் பகுதி, ஆகவே மஞ்சள் பைக்குப் போகும். அதில் சந்தேகம் இல்லை. மூன்றாவது துண்டில்தான் அமால்கம் ஒட்டியிருந்தது. அமால்கத்தின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அந்த அடைப்பு ஒரு கிராம் எடை என்று வைத்துக்கொண்டால் அரை கிராம் பாதரசம் அதில் இருக்கிறது. பழைய காய்ச்சல்மானி ஒன்றில் இருந்த பாதரசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வாயில் இருக்கும்வரை உறைந்த அமால்கம் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். வெப்பம்தான் அதைக் கிளப்புகிறது.

மஞ்சள் பையில் போட்டால் என்ன ஆகும்? பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ். எரிஉலை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூடு. அமால்கத்திலிருந்து பாதரசம் ஆவியாகிப் புகையோடு வெளியேறும். எரிஉலையின் புகையில் பாதரசம் ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி வரம்பு வைத்திருக்கிறது. ஒரே ஒரு பல் எத்தனை கன மீட்டர் புகையைக் கெடுக்கும் என்று அரை கிராமை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். பத்தாயிரம் கன மீட்டர்.

சிவப்பு, வெள்ளை என்ற இரண்டும் இதைவிட நல்லவை என்று எண்ண வேண்டாம். ஆட்டோகிளேவின் 121 டிகிரியில் பாதரசம் கொதிக்காது, ஆனால் ஆவியாவது வெகுவாகக் கூடும். அந்த ஆவி சுத்திகரிப்பு நிலையத்தில் இயந்திரத்தைத் திறக்கிற தொழிலாளியின் மூச்சுக்குள் போகும். நீலத்தில் கழுவும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். ஊரின் குப்பைத் தொட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக நான்கு நிறங்களில் எதுவும் அந்தத் துண்டுக்கு இடம் தருவதில்லை. அதற்கு ஐந்தாவதாக ஒரு பாத்திரம் வேண்டும்.

எங்கள் ஐந்தாவது பாத்திரம் அகன்ற வாயும் இறுக மூடும் திருகுமூடியும் கொண்ட கெட்டியான பிளாஸ்டிக் ஜாடி. 'அமால்கம் கழிவு – பாதரசம் உள்ளது – சூடாக்கக் கூடாது' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. கூடவே, அது எந்தத் தேதியிலிருந்து நிரம்பத் தொடங்கியது என்பதும். நாங்கள் அமால்கம் அடைத்த காலத்தில் வாயில் படாத மிச்ச அமால்கமும் காலியான அமால்கம் கேப்ஸ்யூல்களும் அதில் சேர்ந்தன, இப்போது பழைய அடைப்பை எடுக்கும்போது வரும் துண்டுகள் சேர்கின்றன. காலி கேப்ஸ்யூலின் உட்சுவரிலும் பாதரசம் ஒட்டியிருக்கும். ஜாடி நிற்பது ஏசி அறையின் நிழல் மூலையில், ஆட்டோகிளேவிலிருந்து தூரமாக.

அமால்கம் அடைத்த பல் துண்டு நேராக அந்த ஜாடிக்குப் போவதில்லை. அதில் ரத்தமும் திசுவும் இருக்கின்றன, கிருமி நீக்க வேண்டும். வெப்பம் கூடாது என்றாகிவிட்டது. ரசாயனம் என்றதும் கை தானாக ஹைப்போகுளோரைட் கேனைத் தேடும். அதுவும் கூடாது. குளோரின் சேர்ந்த திரவங்கள் அமால்கத்திலிருந்து பாதரசத்தைக் கரைத்து எடுத்துவிடும். பல்லை எடுத்துவிட்டு அந்தத் திரவத்தைச் சாக்கடையில் ஊற்றினால் பாதரசத்தையும் ஊற்றியதாக ஆகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பல் மருத்துவமனைகளுக்காக 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அமால்கம் உள்ள பற்களை 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊற வைக்கலாம் என்கிறது. பல்லின் வெளிப்புறத்தோடு உட்புறமும் அதில் சுத்தமாகும். நாங்கள் அதைத்தான் பின்பற்றுகிறோம்.

கடையில் வாங்கும் ஃபார்மலினில் ஏற்கெனவே தண்ணீர் கலந்தே இருக்கும், ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 சதவீதம். 10 சதவீத ஃபார்மலின் என்றால் அந்தத் திரவத்தில் ஒரு பங்கும் தண்ணீரில் ஒன்பது பங்கும். 200 மில்லி வேண்டுமானால் 20 மில்லி ஃபார்மலின், 180 மில்லி தண்ணீர். இங்கே குழப்பம் வருவதைப் பார்த்திருக்கிறேன். '10 சதவீதம்' என்றதும் ஃபார்மால்டிஹைடே 10 சதவீதம் வேண்டும் என்று நினைத்து ஏறக்குறைய இரண்டரை மடங்கு கெட்டியாகக் கலந்து, அறையில் யாரும் நிற்க முடியாமல் கண்ணெரிச்சலோடு வெளியே ஓடிவந்தவர்கள் உண்டு. சரியாகக் கலந்தாலும் சன்னலைத் திறந்து வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஊறி முடிந்த திரவம் ரசாயனக் கழிவு, அதையும் கை கழுவும் தொட்டியில் கொட்டக் கூடாது. தனிக் கேனில் சேர்த்து, ரசாயனக் கழிவாக ஒப்படைக்கிறோம்.

'பல்லிலிருந்து அமால்கத்தை மட்டும் பர் வைத்துத் தோண்டி எடுத்துவிட்டால், பல் மஞ்சளுக்கும் அமால்கம் ஜாடிக்கும் போய்விடுமே' என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரும் உறிஞ்சியும் இல்லாமல் மேசைமேல் வைத்துத் தோண்டினால் அந்தச் சூட்டில் ஆவியும் தூளும் நம் முகத்துக்கு நேரே வரும். தானாகப் பெயர்ந்து வந்த அடைப்பென்றால் பிரித்துப் போடலாம். இல்லையென்றால் துண்டோடு சேர்த்து வைப்பதுதான் நல்லது.

விதியின்படி சுத்திகரிக்கப்படாத உடற்பகுதிக் கழிவையும் ரத்தம் தோய்ந்த கழிவையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அப்படியானால் அமால்கம் பல்லை இரண்டு வாரம் எப்படி வைப்பது என்று கேட்கலாம். அன்றே ஃபார்மலினில் போட்டு, தேதியைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் அது சுத்திகரிப்பில் இருக்கும் பொருளாகிறது என்பது என் வாசிப்பு. பல்லைக் காகிதத்தில் சுற்றி இழுப்பறையில் போட்டு வைப்பதுதான் தவறு.

எது அமால்கம் என்று கண்டுபிடிப்பது இன்னொரு கதை. சாம்பல் நிறமெல்லாம் அமால்கம் இல்லை. 'மிராக்கிள் மிக்ஸ்' என்ற அடைப்பும் சாம்பல் நிறம்தான். அது கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்டில் வெள்ளிக் கலவைத் தூள் சேர்த்தது, பாதரசம் கிடையாது. பல்லின் மேல் மாட்டும் வார்ப்பு உலோகத் தொப்பிகளும் வெள்ளி போலவே பளபளக்கும். மறுபக்கம், கண்ணுக்கே தெரியாத அமால்கமும் உண்டு. பீங்கான் தொப்பிக்குக் கீழே அடைத்தது, பழைய அறுவை சிகிச்சையில் வேர் நுனியை அடைத்தது. பல்லைக் கையில் வைத்து உற்றுப் பார்ப்பதைவிடப் பிடுங்குவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்ப்பது பயனுள்ளது. உலோகம் அடர்ந்த வெண்மையாகத் தெரியும். எங்கள் நோயாளிச் சீட்டில் பல் எண்ணுக்குப் பக்கத்தில் 'அ' என்று ஓர் எழுத்து போட்டுவிடுவோம். பல் வெளியே வந்ததும் உதவியாளருக்கு அது போதும். சந்தேகம் வந்தால் அமால்கம் என்றே வைத்துக்கொள்கிறோம். மிராக்கிள் மிக்ஸ் ஒன்று தவறாக அமால்கம் ஜாடிக்குப் போவதால் யாருக்கும் கேடில்லை.

பல் போனபின்னும் அமால்கம் அறையை விட்டுப் போய்விடுவதில்லை. பரால் வேரைப் பிரிக்கும்போது அடைப்பும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும். அந்தத் துகள்கள் உறிஞ்சுகுழாய் வழியாக நாற்காலியின் வடிகட்டிக்கும், துப்புகிற தொட்டியின் சல்லடைக்கும் போகும். இந்த வடிகட்டிகளை மாலையில் குழாயடியில் தட்டித் தேய்த்துக் கழுவுவது பல இடங்களில் அன்றாட வழக்கம். சல்லடை பிடித்து வைத்த அவ்வளவையும் நாமே சாக்கடையில் சேர்த்துவிடுகிறோம். எங்கள் கிளினிக்கில் வடிகட்டியை அமால்கம் ஜாடியின் மேல் கவிழ்த்துத் தட்டுகிறோம். துகள் ஒட்டிப் பிடித்துக்கொண்டால் வடிகட்டியையே ஜாடியில் போட்டுவிட்டுப் புதியது மாற்றுகிறோம். உறிஞ்சுகுழாய் முனையில் துகள் தெரிந்தால் அதையும் ஜாடிக்குள் தட்டிய பிறகே சிவப்பில் போடுகிறோம்.

உறிஞ்சுகுழாய்த் தடத்தைச் சுத்தம் செய்ய எந்தத் திரவம் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். தொற்று நீக்கப் பயிற்சியில் ஹைப்போகுளோரைட் எல்லாவற்றுக்கும் மருந்து என்று கற்றுக்கொடுக்கப்படுகிறது. தரையில் சிந்திய ரத்தத்துக்கு அது சரி. அமால்கம் துகள் படிந்திருக்கும் குழாய்க்குள் அதை ஓடவிட்டால் படிந்து கிடந்த பாதரசம் கரைந்து கிளம்பும். குளோரின் சேராத, அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையை ஒட்டிய கரைசலைத்தான் அங்கே பயன்படுத்த வேண்டும். குழாய்த் தடத்தில் அமால்கம் பிரிப்பான் பொருத்துவது நிரந்தரமான வழி. ஐ.எஸ்.ஓ. 11143 தரத்தில் உள்ளவை 95 சதவீதத்துக்குக் குறையாமல் அமால்கத்தைப் பிடிக்க வேண்டும். நாங்கள் இப்போது புதிதாக அமால்கம் அடைப்பதில்லை. அதனால் பிரிப்பான் தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன். முப்பது ஆண்டுகளாக ஊரில் அடைத்த அமால்கமெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருப்பது இப்போதுதான்.

பிடுங்கிய பற்களுக்கு எங்களிடம் இன்னொரு கோரிக்கையாளர் கூட்டமும் உண்டு: பி.டி.எஸ். மாணவர்கள். பயிற்சிக்கு உண்மையான பற்கள் வேண்டும். கடைவாய்ப் பல் கிடைக்குமா என்று கையில் பாட்டிலோடு கிளினிக் கிளினிக்காக வருவார்கள். நானும் அப்படி அலைந்தவள்தான், ஆகவே மறுக்க மனம் வராது. ஆனால் எல்லாப் பற்களும் ஒரே பாட்டிலில் கிடப்பதுதான் பிரச்சினை. பாட்டிலைக் கல்லூரிக்கு எடுத்துப்போய் மொத்தமாக ஆட்டோகிளேவில் வைப்பார்கள். அதில் ஒரு பல்லில் அமால்கம் இருந்தாலும் போதும். பாதரச ஆவிக்கு மணமில்லை, நிறமில்லை. கிருமி நீக்கும் அறையில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஆவி வந்த பிறகு கண்டுபிடிக்க முடியாத விஷயம் என்பதால் பாட்டிலில் போடும்போதே பிரித்தாக வேண்டும்.

அமால்கம் இல்லாத பற்களை மட்டும் நாங்கள் மாணவர்களுக்குத் தருகிறோம். ஒட்டியிருக்கும் திசுவைச் சுரண்டி, கழுவி, மூடியுள்ள பாட்டிலில் உப்புநீரில் போட்டு வைப்போம். உலரவிட்டால் பல் நொறுங்கத் தொடங்கும், பர் வைத்தால் வெட்டுவதற்குப் பதில் உடையும். மாணவர் யார், எந்தக் கல்லூரி, எத்தனை பற்கள் என்று பதிவேட்டில் எழுதி, கல்லூரியின் கடிதத்தையும் வாங்கிக்கொள்கிறோம். பயிற்சிக்கு முன் ஆட்டோகிளேவில் 40 நிமிடம் வைக்கச் சொல்கிறோம். அமால்கம் பல் கேட்டால் ஃபார்மலினில் ஊறி முடிந்ததைத்தான் தருவேன், அதுவும் சூடாக்கமாட்டோம் என்று சொல்கிறவர்களுக்கு மட்டும்.

பல்லை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கும் நோயாளிகளும் உண்டு, பெரும்பாலும் பால்பல் விழுந்த குழந்தைகள். கூரைமேல் போட வேண்டுமல்லவா. கழுவித் துடைத்து ஓர் உறையில் போட்டுத் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசிச் சிக்கல் ஜாடி நிரம்பிய பிறகு. மருத்துவக் கழிவு எடுக்க வரும் வண்டியில் அதைக் கொடுக்க முயன்றபோது ஓட்டுநர் வாங்க மறுத்துவிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யோசித்தால் அவர் செய்தது சரி. அவருடைய வண்டி போவது எரிஉலைக்கு. பாதரசக் கழிவு வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறது: 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள். ஜாடியை 'ஏதாவது செய்துகொள்ளுங்கள்' என்று வாங்கிப் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். சிலர் அப்படியும் வாங்குவார்கள், ரசீது தரமாட்டார்கள்.

மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு, பாதரசக் கழிவை எடுக்க அனுமதி பெற்ற நிறுவனத்தைத் தேடிப் பிடித்தோம். ஒரு கிளினிக்கின் ஒரு ஜாடிக்காக வண்டி அனுப்ப அவர்கள் தயாராக இல்லை. இது சிறிய கிளினிக்குகள் எல்லாம் சந்திக்கும் தடை. ஒரே நகரத்தில் உள்ள சில பல் மருத்துவர்கள் பேசி ஒரே நாளைக் குறித்தோம். ஜாடிகளை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கவில்லை. வண்டிதான் ஒவ்வொரு வாசலிலும் நின்று போனது. அவரவர் கழிவுக்கு அவரவர் பெயரில் ஆவணம் இருக்க வேண்டும் என்பதால் இப்படி. அபாயகரக் கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற பொது வரம்பு இருப்பதால், வாரியத்திடம் முன்கூட்டியே எழுதிக் கால நீட்டிப்புக் கேட்டோம்.

வண்டி வந்தபோது சரிபார்த்தவை மூன்று. ஜாடியின் எடை நம் தராசிலும் அவர்கள் தராசிலும் ஒன்றாக இருக்கிறதா, அனுப்பும் ஆவணமான படிவம் 10-இல் பாதரசக் கழிவு என்றே எழுதியிருக்கிறதா, கழிவு போய்ச் சேர்ந்ததற்கான கையொப்பமிட்ட நகல் நமக்குத் திரும்பி வருமா. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வண்டி போனதோடு வேலை முடிந்தது என்று நினைப்பு. நகல் வரவில்லை என்றால் தொலைபேசியில் விடாமல் கேட்க வேண்டும். எங்களுக்கு வந்த நகலை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையின் கோப்பிலேயே சேர்த்துவிட்டு, புதிய ஜாடி ஒன்றில் அன்றைய தேதியை எழுதி ஒட்டினோம்.